அரசுப் பத்திரத்தில் பணத்தைப் போட்டு வைத்த வங்கி எப்படி சார் திவாலாகும்? வட்டி ஏறினால் வங்கிக்கு லாபம்தானே?

2023 மார்ச்சில் மூழ்கிய அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் பொருளாதார நிபுணன் இல்லை. பொதுத்துறை வங்கி ஒன்றில், பத்திரங்களை வாங்கி விற்கும் மும்பை ட்ரெஷரியில், டீலர்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து ரிஸ்க் கணக்குப் போட்டவன்.

1.5% வட்டி தரும், பத்து ஆண்டில் முதிரும் 100 ரூபாய்ப் பத்திரம் உங்களிடம் இருக்கிறது. சந்தையில் புதுப் பத்திரம் 4% தர ஆரம்பித்துவிட்டால் உங்களுடையதை 100க்கு யார் வாங்குவார்கள்? 80க்கு இறங்கினால்தான் கைமாறும். இரண்டே ஆண்டில் முதிர்வதாக இருந்தால் 95 கிடைக்கும். அரசு யாரையும் ஏமாற்றவில்லை, ஆனாலும் இருபது ரூபாய் போய்விட்டது. நீண்ட காலம்தான் வினை.

அந்த வங்கி, ஸ்டார்ட்அப் கம்பெனிகள் 2020, 21இல் கொண்டுவந்து கொட்டிய டெபாசிட்டை, பெரும்பாலும் அரசு ஆதரவு பெற்ற நீண்டகால வீட்டுக்கடன் பத்திரங்களில் சுமார் 1.6% வருமானத்துக்கு முடக்கியது. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2022 மார்ச்சில் வட்டியை ஏற்றத் தொடங்கி, பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்ததை ஓராண்டுக்குள் 4.5%க்கு மேல் கொண்டுபோனது. இருந்தும் லாபநட்டக் கணக்கில் இந்த அடி தெரியவில்லை. முதிர்வு வரை விற்க மாட்டோம் என்று சொல்லி எச்.டி.எம். பிரிவில் வைத்தால், வாங்கிய விலையிலேயே காட்டிக்கொள்ளலாம். 2022 டிசம்பர் இருப்புநிலைக் குறிப்பில் அந்தப் பிரிவு 91 பில்லியன் டாலர். அதே வரியில், அடைப்புக்குறிக்குள், சந்தை மதிப்பு 76 பில்லியன். வித்தியாசம் 15. வங்கியின் மொத்தப் பங்கு மூலதனமே 16. ஒளித்து வைக்கவில்லை, அச்சிட்டே கொடுத்தார்கள்.

அந்த அடைப்புக்குறியைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. காரணம் இருக்கிறது. 2017 நடுவில் நம் அரசின் பத்தாண்டுப் பத்திரத்தின் ஈல்டு, அதாவது சந்தை விலையில் வாங்கினால் கிடைக்கும் வருமானம், ஆறரை சதவீதத்தை ஒட்டி இருந்தது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி ஏறாமலேயே 2018 மார்ச் தொடக்கத்தில் 7.7% வரை போனது. வங்கியின் சொத்தையும் டெபாசிட்டையும் சேர்த்துப் பார்க்கும் அல்கோ குழுவின் கூட்டத்துக்கான குறிப்பில் நான் கூடுதலாக ஒரு பத்தி சேர்த்தேன்: எச்.டி.எம். பத்திரங்களை இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்கும், மூலதனத்தில் அது எவ்வளவு பங்கு. மேலதிகாரி பென்சிலால் குறுக்கே கோடு போட்டார். "ஆடிட்டரே கேக்கலப்பா, நீ ஏன் காட்டுற?" பத்தி போயிற்று. அடுத்த டிரான்ஸ்பர் பட்டியலில் நானும் போனேன். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். எப்போது வேண்டுமானாலும் விற்கலாம் என்று வைத்திருக்கும் விற்பனைக்கான பிரிவில் காட்டியே தீரவேண்டிய நட்டத்தைக்கூட நான்கு காலாண்டுகளுக்குப் பிரித்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அந்த ஏப்ரலில் அனுமதித்தது. பத்திரத்துக்கு இவ்வளவு கருணை.  

"முதிர்வு வரை வைத்திருந்தால் முழுப்பணமும் வருமே, அப்புறம் என்ன நட்டம்?" என்று யாராவது கமெண்ட்டில் வருவார்கள். வரும்தான். ஆனால் அதுவரை டெபாசிட்காரருக்கு 4% கொடுத்துக்கொண்டு பத்திரத்தில் 1.6% வாங்க வேண்டும். அதே இருபது ரூபாய் ஆண்டுக்குக் கொஞ்சமாகக் கரையும். வட்டி கேட்காத டெபாசிட் நிலைத்து நின்றால் மட்டுமே தப்பிக்கலாம். நம் வங்கிகளில் சேமிப்புக் கணக்குக்காரர்கள் அசைவதில்லை, அதனால்தான் 2018 ஒரு மோசமான காலாண்டுக் கணக்கோடு முடிந்தது. எங்கள் சாமர்த்தியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சிலிக்கான் வேலி வங்கியிலோ கம்பெனிகள் செலவுக்குப் பணத்தை எடுத்துக்கொண்டே இருந்தன. எச்.டி.எம்.மில் கை வைத்தால் மொத்தப் பிரிவையும் சந்தை விலைக்கு மாற்றவேண்டி வரும், மூலதனம் காணாமல் போகும். எனவே விற்பனைக்கான பிரிவில் இருந்த 21 பில்லியனை விற்றார்கள். 1.8 பில்லியன் நட்டம், புதுப் பங்கு விற்றுச் சரிக்கட்டுகிறோம் என்று மார்ச் 8 அன்று அறிவித்தார்கள். மறுநாள் ஒரே நாளில் 42 பில்லியன் வெளியேறியது. வெள்ளிக்கிழமை வங்கியை மூடிவிட்டார்கள்.

ஆகவே ஒரு வங்கியைப் பார்க்கும்போது எச்.டி.எம். பத்திரங்களின் சந்தை மதிப்பு புத்தக மதிப்பைவிட எவ்வளவு குறைவு என்று எடுத்து மூலதனத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு டெபாசிட்டில் காப்பீட்டு வரம்பைத் தாண்டியது எவ்வளவு என்று பாருங்கள். அங்கே வரம்பு 2.5 லட்சம் டாலர்; அந்த வங்கியின் டெபாசிட்டில் 90%க்கு மேல் அதைத் தாண்டியது. முதல் வதந்தியிலேயே ஓட அத்தனை பேருக்கும் காரணம் இருந்தது.