மத்தியானம் 39.6, காய்ச்சலா?

"மேய்ச்சலால வந்த மாட்டுக்கு 39.6 காட்டுது, மூச்சும் வேகம். காய்ச்சலா?"

இந்த ஒரு அளவை வைத்துக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. வளர்ந்த பசுவுக்கு 38 முதல் 39.3 பாகை செல்சியஸ் வழமை. படுவான்கரை வெயிலில் நடந்து வந்தால் கொஞ்சம் கூடும். ஆட்டுக்கு என்றால் இதே 39.6 வழமையான அளவுதான்.

நிழலில் கட்டி, தண்ணீர் காட்டி, ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பாருங்கள். முதலில், மாட்டைத் தொடாமல் விலா எழும்புவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஆறிய மாட்டுக்கு 30க்குள் வரும். அப்புறம் வாலின் அடிப்பக்க நடுவில் விரல் வைத்து நாடி பாருங்கள், நிமிடத்துக்கு 50 முதல் 80 வழமை. வெப்பமானியைச் சற்றுச் சரித்து, குடல் சுவரில் படும்படி வையுங்கள். சாணத்துக்குள் குத்தி நின்றால் அளவு பிழைக்கும்.

அப்போதும் 39.5க்கு மேல் நின்றால் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். அண்மையில் கன்று போட்ட மாடு எழும்பாமல் கிடந்தால், சூடு இல்லாவிட்டாலும் உடனே கூப்பிடுங்கள். அது பால் காய்ச்சலாக இருக்கலாம். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துதான் போகும்.