கேன்சல் செய்த பிறகும் கார்டில் பணம் எடுக்கிறார்கள், எப்படித் திரும்ப வாங்குவது?

"மாரத்தஹள்ளியில் இருக்கிறோம். பையனுக்காக ஒரு ஆங்கிலப் பயிற்சி ஆப்பில் மாதம் 799 ரூபாய் சந்தா, கிரெடிட் கார்டில். மார்ச் 12 அன்று ஆப்பிலேயே கேன்சல் செய்தேன், மெயிலும் வந்தது. அதற்கப்புறமும் மார்ச் 18, ஏப்ரல் 18, மே 18 என்று மூன்று தடவை எடுத்துவிட்டார்கள். கம்பெனியில் கேட்டால் கட்டிய பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்கிறார்கள். வங்கியில் கேட்டால் நீங்கள்தானே ஓடிபி போட்டீர்கள் என்கிறார்கள். யாரைப் பிடிப்பது?"

முதலில் அந்த மார்ச் 12 மெயிலைத் திறந்து நிதானமாக ஒரு தடவை படியுங்கள். இந்த மாதிரிப் புகாரோடு வருகிறவர்களில் பலர் கையில் இருப்பது கேன்சல் ஆன மெயிலே இல்லை. ஆப்பில் கேன்சல் பட்டனை அழுத்தினால் அவ்வளவு சுலபமாக விட மாட்டார்கள். ஏன் போகிறீர்கள் என்பார்கள், பாதி விலைக்குத் தருகிறோம் என்பார்கள், கடைசியில் 'ஒரு மாதம் நிறுத்தி வைக்கலாமே' என்று பெரிதாகக் கலர் பட்டன் ஒன்று வரும், நிஜமான கேன்சல் அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் கிடக்கும். கலர் பட்டனை அழுத்திவிட்டு வந்தவருக்கும் ஒரு மெயில் வரும், அதில் Paused என்று இருக்கும். உங்கள் மெயிலில் Cancelled என்றோ, இன்ன தேதியோடு சந்தா முடிகிறது என்றோ இருந்தால் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. Paused என்று இருந்தாலும் வழி இல்லாமல் இல்லை. வெளியேற விடாமல் இப்படிச் சுற்றவிடுவதை 'சந்தாப் பொறி' என்றே பெயர் போட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் கொண்டுவந்த வழிகாட்டுதல்களில் தடை செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த வாதம் நீளமானது, உடனே பணம் வராது. உங்களுக்கு வந்தது கேன்சல் மெயில்தான் என்று வைத்துக்கொண்டே மேலே சொல்கிறேன்.

அடுத்து கார்டு ஸ்டேட்மெண்டில் அந்த 799-க்கு நேராக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனி பெயரோ அவர்களுடைய பேமெண்ட் கேட்வே பெயரோ இருந்தால், கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். கூகுள் பிளே என்றோ ஆப்பிள் என்றோ இருந்தால் கம்பெனியோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை, சந்தா அந்தக் கடை வழியாக ஓடுகிறது. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்குள் Payments & subscriptions பகுதிக்குப் போய்த்தான் நிறுத்த வேண்டும், ஐபோனில் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு reportaproblem.apple.com. போனிலிருந்து ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நிற்காது, அது தனி.

சரி, வங்கி சொன்ன ஓடிபி விஷயத்துக்கு வருவோம். உங்களுக்குள் இரண்டு ஏற்பாடுகள் ஓடுகின்றன, அதுதான் குழப்பத்துக்கே காரணம். ஒன்று உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையே உள்ள சந்தா, அதை மார்ச் 12 அன்று முடித்துவிட்டீர்கள். இன்னொன்று, மாதாமாதம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பத்தில் ஓடிபி போட்டு வங்கிக்குக் கொடுத்த அனுமதி, அதாவது இ-மேண்டேட். சந்தாவை நிறுத்தினால் கம்பெனி தன் பக்கம் மேண்டேட்டையும் மூட வேண்டும், மூடவில்லை என்றால் வங்கிக்கு அது தெரியாது. கேட்டு வந்தவனுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் ஜூன் 18-க்குக் காத்திருக்காமல் இன்றைக்கே மேண்டேட்டை வெட்டுங்கள். வங்கியின் ஆப்பிலோ நெட் பேங்கிங்கிலோ கார்டு பகுதியில் e-mandate அல்லது standing instruction என்று இருக்கும், சில வங்கிகள் SI Hub என்ற தளத்துக்கு அனுப்பும். இந்த வசதியை ஆன்லைனில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, கிளைக்கு வா என்று சொல்ல முடியாது. யுபிஐ ஆட்டோபே வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது, எந்த ஆப்பில் ஒப்புதல் கொடுத்தார்களோ அதிலேயே ஆட்டோபே பகுதிக்குப் போய் பின் போட்டு ரத்து செய்யலாம். எதுவானாலும் ரத்தானதற்கு வரும் எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள்.

அதே விதியில் உங்களுக்கு உதவுகிற இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு தடவையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும், யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழியும் இருக்க வேண்டும். எஸ்எம்எஸ், மெயில் இரண்டிலும் மார்ச் 17, ஏப்ரல் 17, மே 17-ஐ ஒட்டித் தேடுங்கள். தகவல் வரவே இல்லை என்றால் வங்கியே பதில் சொல்ல வேண்டிய இடம் அது. வந்திருந்தால், சொன்னோமே, நீங்கள் நிறுத்தவில்லையே என்பார்கள். அப்போது வங்கியோடு அந்த ஒரு புள்ளியில் சண்டை போடாதீர்கள், கம்பெனி மேல் உள்ள உங்கள் உரிமை அதனால் குறைந்துவிடாது.

இப்போது மூன்று தொகையையும் ஒரே மாதிரி நினைக்காதீர்கள். ஏப்ரல், மே இரண்டும் அசைக்க முடியாதவை. கேன்சல் ஆகி ஒரு முழுச் சுற்று முடிந்த பிறகு எடுத்தது, எந்த நிபந்தனையைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது. மார்ச் 18 மட்டும் கொஞ்சம் சிக்கல். நீங்கள் கேன்சல் செய்தது 6 நாள் முன்னால். அவர்களுடைய நிபந்தனைகளில் புதுப்பிப்புக்கு 7 நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று எங்காவது ஒளிந்திருந்தால் அதைத் தூக்கிப் பிடிப்பார்கள். மெயிலிலேயே 'மார்ச் 17 வரை பயன்படுத்தலாம்' என்று எழுதியிருந்தால் அவர்கள் வாயாலேயே சுற்று முடிந்துவிட்டது, மார்ச் தொகையும் உங்களுடையது. கட்டிய பணம் திரும்ப வராது என்கிற விதி, நடந்துகொண்டிருக்கும் சுற்றின் நடுவில் விலகுகிறவருக்குப் பொருந்தும். முடிந்த சந்தாவுக்குப் புதிதாக எடுத்த பணத்துக்கு அதைச் சொல்வது சும்மா வாயை அடைக்கத்தான்.

ஒன்று கேட்க வேண்டும்: பையன் ஏப்ரலில் அந்த ஆப்பைத் திறந்தானா? லாகின் விவரம் முழுக்க அவர்களிடம் இருக்கும், கேன்சலுக்குப் பிறகு நாலு பாடம் கேட்டிருந்தால் அதை எடுத்து வைப்பார்கள். திறந்திருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது, மறைத்துவிட்டு பிறகு மாட்டினால் மற்ற இரண்டு தொகைக்கும் சேர்த்து நம்பிக்கை போய்விடும். இனிமேல் திறக்க விடாதீர்கள்.

கம்பெனிக்கு எழுதுவது சாட்டில் வேண்டாம், மெயிலில்தான். ஆப்புகளும் இணைய விற்பனைத் தளங்களும் குறைதீர்ப்பு அதிகாரி என்று ஒருவர் பெயரைத் தளத்திலேயே போட்டிருக்க வேண்டும், அவருக்கு அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் போதும், ஆனால் உள்ளடக்கம் இவ்வளவுதான் இருக்க வேண்டும்:

"என் சந்தா மார்ச் 12 அன்று ரத்தானதாக நீங்கள் அனுப்பிய மெயிலை இணைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு மார்ச் 18, ஏப்ரல் 18, மே 18 தேதிகளில் தலா 799, மொத்தம் 2,397 ரூபாய் எடுத்திருக்கிறீர்கள், ஸ்டேட்மெண்டுகள் இணைப்பில். இந்தத் தொகையை, ஜிஎஸ்டியைக் கழிக்காமல் முழுதாக, அதே கார்டுக்கு 7 நாளில் திருப்பித் தரவும். கூப்பனோ வாலட் பணமோ ஏற்க மாட்டேன். இல்லையென்றால் வங்கியில் டிஸ்ப்யூட்டும் நுகர்வோர் புகாரும் பதிவு செய்வேன்."

கோபம், குழந்தையின் படிப்பு, அவர்களுடைய சேவை மோசம் என்பதெல்லாம் இதில் வேண்டாம். கூப்பன் வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள், 'மூன்று மாதம் இலவசமாக நீட்டித்திருக்கிறோம்' என்று பதில் போட்டு கேஸை முடித்துவிடுவது வழக்கமான தந்திரம்.

7 நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் கார்டு வங்கியில் டிஸ்ப்யூட், அதாவது இந்தக் கட்டணத்தை ஏற்க முடியாது என்று வங்கியிடம் போடும் புகார். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். படிவத்தில் காரணம் கேட்கும்போது, 'இது நான் செய்த பரிவர்த்தனை இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அது மோசடிக்கான பிரிவு. கார்டை முடக்கிவிடுவார்கள், கம்பெனி உங்கள் முதல் ஓடிபி பதிவைக் காட்டும், டிஸ்ப்யூட் அங்கேயே விழுந்துவிடும். நீங்கள் சொல்ல வேண்டியது, ரத்து செய்த பிறகும் எடுக்கப்பட்ட தொடர் கட்டணம் என்பதை. விசா கார்டு என்றால் இதற்கென்றே 13.2 என்ற எண் இருக்கிறது, Cancelled Recurring Transaction என்று பெயர். அந்த எண்ணையே மெயிலில் எழுதுங்கள், கால் சென்டரைத் தாண்டிச் சரியான மேசைக்குப் போகும். பணம் எடுத்த நாளிலிருந்து 120 நாள் வரை அவகாசம், மார்ச் 18 தொகைக்கு அது ஜூலை 16-ல் முடிகிறது. ஆனால் வங்கிகள் வாடிக்கையாளருக்கு இதைவிடக் குறைவான நாளே கொடுப்பதுண்டு, ஸ்டேட்மெண்டின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று தொகைக்கும் மூன்று தனி டிஸ்ப்யூட் போடுவது நல்லது, மார்ச் தோற்றாலும் மற்ற இரண்டும் நிற்கும். இதற்கிடையில் கார்டு பில்லைக் கட்டாமல் வைக்காதீர்கள், மொத்த பில்லுக்கும் வட்டி ஏறும். வங்கி தற்காலிகமாக வரவு வைத்தால் அதையும் முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கம்பெனி பதில் சொன்னால் திரும்ப எடுத்துவிடுவார்கள்.

கூடவே 1915-க்கு ஒரு போன். தேசிய நுகர்வோர் உதவி மையம், தமிழிலும் பேசலாம், செலவில்லை. அவர்கள் உத்தரவு போடுகிற அமைப்பு இல்லை, கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். இந்த அளவுத் தொகைக்கு பெரும்பாலும் அதுவே போதும், 2,397 ரூபாய்க்காக ஒரு அரசுப் புகாரைத் திறந்து வைக்க எந்தக் கம்பெனியும் விரும்பாது. அதுவும் நடக்காவிட்டால் e-jagriti.gov.in வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி குருகிராமில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பெங்களூரிலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் கம்பெனி மேல் புகார் சொல்ல முடியாது. வங்கி முன்தகவல் அனுப்பவில்லை, டிஸ்ப்யூட்டை எடுக்கவே மறுத்தது என்பது போன்றவற்றுக்கு மட்டும், அதுவும் வங்கிக்கு எழுதி 30 நாள் ஆன பிறகு.

பணம் வந்ததும் தொகையைப் பாருங்கள். 799-ல் 677 ரூபாய் 12 காசு கட்டணம், மீதி 121.88 ஜிஎஸ்டி. சில கம்பெனிகள் வரியை அரசுக்குக் கட்டிவிட்டோம் என்று 677-ஐ மட்டும் அனுப்பும். கிரெடிட் நோட் போட்டு அந்த வரியைச் சரிக்கட்டிக்கொள்ளச் சட்டத்தில் அவர்களுக்கு வழி இருக்கிறது, மூன்றுக்கும் சேர்த்து 365 ரூபாய் 64 காசு பாக்கி என்று அதே மெயிலுக்குக் கீழேயே பதில் போடுங்கள்.