சேட்டிலைட் கணக்கில் தண்ணீர் ஏறுகிறது, போரில் ஏன் இறங்குகிறது?

கேள்வி: வணக்கம் ஐயா. குறிஞ்சிப்பாடி பக்கம் நாலு ஏக்கர் கரும்பு வச்சிருக்கேன். 2012-ல போர் போட்டப்ப 40 அடியில தண்ணி நின்னுச்சு, இப்ப 65 அடிக்குப் போயிடுச்சு. ஆனா சேட்டிலைட்டுல நிலத்தடி நீரை எடை போட்டுப் பார்த்ததுல தென்னிந்தியாவுல தண்ணி கூடியிருக்குன்னு படிச்சேன். போர்க்காரர் 260 அடியை 400 ஆக்கணும்ங்கிறார். கடலோரத்துல மச்சான் கொல்லையில மல்லாட்டைக்குப் பாயுற தண்ணி வேற கரிக்குது. எதை நம்பறது?

பதில்: வணக்கம். நீங்கள் படித்ததும் பொய்யில்லை, உங்கள் போர் சொல்வதும் பொய்யில்லை. நீங்கள் அளந்தது தண்ணீர் நிற்கும் மட்டம். சேட்டிலைட் பார்ப்பது எடை. இரண்டும் ஒரே பக்கமாகத்தான் நகர வேண்டும் என்று கட்டாயமில்லை, அதிலும் உங்கள் பூமியில்.

முதலில் எடை போடும் விதம். நாசாவும் ஜெர்மானியர்களும் சேர்ந்து 2002 மார்ச்சில் கிரேஸ் என்ற பெயரில் இரட்டைச் செயற்கைக்கோள்களை அனுப்பினார்கள். ஒன்றன் பின் ஒன்றாக, சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் அவை பூமியைச் சுற்றின. கீழே கனம் கூடிய இடம் வரும்போது முன்னால் போவது கொஞ்சம் முந்தி இழுபடும், இடைவெளி கூடும். பின்னால் வருவதும் அந்த இடத்தை நெருங்கியதும் இழுபடும், இடைவெளி குறையும். இந்தக் கூடல் குறைச்சலைத் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவு வரை கணித்து, மாதாமாதம் பூமியின் எடை எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று படம் போட்டார்கள். அந்த ஜோடி 2017-ல் ஓய்ந்தது. 2018 மே மாதம் அடுத்த ஜோடி மேலே போனது. நடுவில் ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைய அளவே இல்லை.

கரும்பு போடுகிறவருக்கு எடை மேடையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. லோடோடு ஒரு எடை, காலி வண்டி ஒரு எடை, கழித்தால் கரும்பு. சேட்டிலைட் போடுவது லோடோடு சேர்ந்த எடை மட்டும்தான். ஏரித் தண்ணீர், மண் ஈரம், நிலத்தடி நீர் எல்லாம் அதில் ஒன்றாக இருக்கும். மண் ஈரம் எவ்வளவு என்பதை வானிலைக் கணக்கை வைத்துக் கம்ப்யூட்டரில் மதிப்பிட்டு, ஏரி அணைகளின் நீரையும் கழித்து, மிச்சத்தை நிலத்தடி நீர் என்கிறார்கள். அதாவது காலி வண்டியை யாரும் மேடையில் ஏற்றவில்லை, 'இவ்வளவு இருக்கும்' என்று எழுதிக் கழித்திருக்கிறார்கள். ஆலையில் அப்படிச் செய்தால் நாம் சும்மா விடுவோமா? ஆனால் வித்தியாசம் மிகப் பெரிதாக இருக்கும்போது இந்த முறை அழகாக வேலை செய்யும்.

அப்படி வேலை செய்த இடம் பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான். நாசாவின் மேத்யூ ரோடெல் குழு 2009-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2002 ஆகஸ்டிலிருந்து 2008 அக்டோபர் வரை அங்கே 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் போய்விட்டது. அந்தக் காலத்தில் மழை பெரிதாகப் பொய்க்கவில்லை, பாசனத்துக்கு இறைத்ததுதான் காரணம் என்றார்கள். அந்த நிலப்பரப்பு தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அத்தனை நிலத்திலும் தண்ணீரைப் பரப்பி அளந்தால், வருடத்துக்கு 4 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருக்கிறது. கிணற்று மட்டமோ சராசரியாக வருடத்துக்கு 33 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். 4 எப்படி 33 ஆயிற்று? மண்ணுக்குள் தண்ணீர் குளம் மாதிரி கிடப்பதில்லை, மணலின் இடுக்குகளில் இருக்கிறது. இறைத்தால் வடிந்து வருவது மொத்தக் கன அளவில் சுமார் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு. அதனால்தான் தண்ணீர் 4 குறைந்தால் மட்டம் 33 இறங்குகிறது.

சரி, உங்கள் போருக்கு வருவோம். போர் போட்ட அன்று எத்தனையாவது அடியில் தண்ணீர் அகப்பட்டது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். போர்க்காரர் நோட்டிலும் இருக்கலாம். 40 அடியிலேயே அகப்பட்டு அங்கேயே நின்றது என்றால் அது மேல்மட்ட ஊற்று. 150, 180 அடியில் களியைத் துளைத்த பிறகு அகப்பட்டு, பைப்பில் தானாக ஏறி 40 அடியில் வந்து நின்றது என்றால், அது களிக்கு அடியில் அழுத்தத்தில் இருக்கும் ஊற்று. நெய்வேலியைச் சுற்றி இந்த இரண்டாவது வகை பிரசித்தம். ஒரு காலத்தில் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் தானாகப் பொங்கி வழிந்த போர்கள் உங்கள் வட்டாரத்தில் உண்டு. நிலக்கரி வெட்ட வேண்டுமானால் அடியிலிருந்து முட்டும் அந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான் சுரங்கத்தில் இரவு பகலாகத் தண்ணீர் இறைக்கிறார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 40-லிருந்து 65, அதாவது 25 அடி, சுமார் 7.6 மீட்டர் இறக்கம். மேல்மட்ட ஊற்றாக இருந்தால், பஞ்சாபுக்குச் சொன்ன அதே 12 சதவீதத்தை இங்கேயும் வைத்துப் பார்த்தால், போன தண்ணீர் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் உயரம். அது பெரிய இழப்பு. அழுத்த ஊற்றாக இருந்தால் கதையே வேறு. அங்கே மணல் வற்றவில்லை, இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்தபடிதான் இருக்கிறது, அழுத்தம் மட்டும் குறைந்திருக்கிறது. டயரில் காற்று இறங்கிய மாதிரி. இப்படிப்பட்ட ஊற்றில் ஒரு மீட்டர் மட்டம் இறங்கினால் உண்மையில் வெளியேறிய தண்ணீர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். அரை மில்லிமீட்டர் என்று வைத்தால், 7.6 மீட்டர் இறக்கத்துக்கு 4 மில்லிமீட்டர்கூட வராது. சேட்டிலைட்டின் மாதக் கணக்கே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். உங்கள் 4 மில்லிமீட்டர் அதில் எங்கே தெரியப் போகிறது?

இன்னொன்று, அது பார்க்கும் வட்டம். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் கீழே அதற்குக் கண் சரியாகத் தெரியாது. கடலூர் மாவட்டம் மொத்தமே 3,700-க்குள். கடலூரை நடுவில் வைத்து அந்த அளவுக்கு ஒரு வட்டம் போட்டால், வடக்கே திருப்பதி ஓரம், மேற்கே சேலம் தாண்டி, தெற்கே கோடியக்கரைக்கும் அப்பால் போகும். கிழக்குப் பாதி முழுக்க வங்காள விரிகுடா! கடலின் எடை மாற்றமும் கரைக் கணக்கில் கசியும். அதைத் திருத்த வழிகள் வைத்திருக்கிறார்கள் என்றாலும், கடற்கரை மாவட்டத்துக்குத் தனியாக ஒரு எண்ணை அதிலிருந்து உருவ முடியாது.

தென்னிந்தியாவில் தண்ணீர் கூடியது என்று நீங்கள் படித்தது, காந்திநகர் ஐஐடியின் விமல் மிஸ்ரா குழு 2017-ல் சொன்னதாக இருக்கும். 2002 முதல் 2013 வரை வடக்கே வருடத்துக்கு 2 சென்டிமீட்டர் குறைந்தது, தெற்கே 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடியது என்பது அவர்கள் முடிவு. மழையின் போக்கு மாறியதே முக்கியக் காரணம் என்றார்கள். தொடங்கிய வருடத்தைக் கவனியுங்கள். 2002, 2003-ல் நம் பக்கம் எப்படிக் காய்ந்தது என்று உங்களுக்கே தெரியும். 2005 கடைசியில் வெள்ளம். பள்ளத்தில் நின்று அளக்கத் தொடங்கினால் அப்புறம் வருவதெல்லாம் ஏற்றமாகத்தான் தெரியும். கணக்கில் தப்பில்லை. ஆனால் அதை 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்ததற்குப் பிறகும் அப்படியே இழுத்து, 'நம்ம ஊரில் தண்ணீர் ஏறுகிறது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதுதான் தப்பு.

400 அடி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 65 அடியில் தண்ணீர் நிற்கிறது, போர் 260 அடி. இன்னும் 195 அடிக்குத் தண்ணீர் நிற்கிறதே! அதோடு, பாறை பூமியில்தான் இருக்கிற போரையே ஆழப்படுத்தலாம். உங்கள் பக்கம் மணலும் களியும் மாறி மாறி வரும், அடிவரை பைப் இறக்கியிருப்பார்கள். அதை 400 ஆக்குவது என்றால் பெரும்பாலும் பக்கத்தில் புதுப் போர் போடுவதுதான். அந்தச் செலவுக்கு முன்னால் ஒரு நாள் இதைச் செய்து பாருங்கள். ராத்திரி முழுக்க மோட்டாரை நிறுத்திவிட்டு, காலையில் கயிற்றில் சின்னக் குண்டு கட்டி இறக்கி மட்டத்தை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு மணி நேரம் ஓட்டி, ஓடும்போதே இன்னொரு முறை அளந்து பாருங்கள். 65-லிருந்து 85, 90-க்கு இறங்கி நின்றால் ஊற்று நன்றாக இருக்கிறது. மோட்டார் மேலே தொங்குகிறது, இரண்டு மூன்று பைப் சேர்த்து இறக்கினால் போதும். மளமளவென்று மோட்டார் மட்டத்துக்கே இறங்கிவிட்டால் ஃபில்டர் பைப்பின் கண்கள் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்ரசர் வைத்து ஊதிப் பார்த்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மட்டுமே புதுப் போர் பேச்சு.

வருடா வருடம் தை மாதத்தில் ஒரு அளவு, சித்திரை வைகாசியில் ஒரு அளவு எழுதி வையுங்கள். கோடை அளவு ஏறி இறங்குவது சகஜம். மழை முடிந்த தை அளவே வருடத்துக்கு வருடம் கீழே போனால், ஊறுவதைவிட எடுப்பது அதிகம் என்று அர்த்தம். தை அளவைச் சித்திரை அளவோடு ஒப்பிட்டுப் பயந்துபோய் போர் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் 40 எந்த மாதத்து அளவு, 65 எந்த மாதத்து அளவு என்று முதலில் அதைச் சரிபாருங்கள்.

மச்சான் கொல்லைதான் எனக்குக் கவலை. கடலோரத்தில் நல்ல தண்ணீரை இறைக்க இறைக்க, அந்த இடத்துக்குக் கடல் தண்ணீர் உள்ளே வந்து நிரப்பும். ஆயிரம் லிட்டர் போய் ஆயிரம் லிட்டர் வந்தால் எடை குறையாது. உப்புத் தண்ணீர் கனமானது என்பதால் 25 கிலோ கூடத்தான் செய்யும். மட்டமும் பெரிதாக இறங்காது. இதை எடை பார்க்கும் சேட்டிலைட்டும் சொல்லாது, கயிற்றுக் குண்டும் சொல்லாது, நாக்குதான் சொல்லும். நாக்குக்குத் தெரியும்போது கொஞ்சம் தாமதமாகியிருக்கும்.

அவரை இரண்டு பாட்டில் தண்ணீர் பிடிக்கச் சொல்லுங்கள், மோட்டார் போட்ட ஐந்தாவது நிமிடம் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. பரிசோதனைக் கூடத்தில் உப்பு நிலை, அதாவது ஈ.சி., பார்த்துத் தருவார்கள். மல்லாட்டைக்குப் பாயும் தண்ணீர் 2 டெசிசைமன் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும், 3.3 வாக்கில் பாதியாகிவிடும். இரண்டாவது பாட்டில் முதலாவதைவிடக் கரித்தால், ஓட்ட ஓட்ட உப்பு மேலே இழுபடுகிறது. அப்படியானால் மோட்டாரை இறக்க வேண்டாம், ஆழப்படுத்தவும் வேண்டாம், இரண்டுமே உப்பைச் சீக்கிரம் கொண்டுவரும். மோட்டாரை மேலே ஏற்றி, சின்ன மோட்டாராக மாற்றி, ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் ஓட்டுவதற்குப் பதில் இரண்டு இரண்டு மணி நேரமாக இடைவெளி விட்டு ஓட்டச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அதே மாதிரி இரண்டு பாட்டில் பிடித்து, நான்கு எண்களையும் எழுதி அனுப்புங்கள்.