விற்பனை விவரத்தில் கைக்கடிகாரத்தின் துல்லியத்தை எப்படி எழுதுவது?

கேள்வி: பழைய ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரத்தை விற்கிறேன். "மிகத் துல்லியமானது" என்று எழுதலாமா?

எழுத வேண்டாம், அளந்த எண்ணை எழுதுங்கள். துல்லியம் என்பது ஒரு நாளில் கடிகாரம் எத்தனை வினாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதே. மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் இயக்கத்தில் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்வதால், பிழை பொதுவாக மாதத்துக்குச் சுமார் 15 வினாடிக்குள் நிற்கும். கை அசைவால் முறுக்கேறும் ஆட்டோமேட்டிக்கில் சுருள்வில்லோடு இணைந்த சிறு சக்கரம் பெரும்பாலும் வினாடிக்கு ஆறு முதல் எட்டு முறைதான் துடிக்கிறது. ஊஞ்சலைத் தள்ளும் கை தளர்ந்தால் வீச்சு குறைவதுபோல, முறுக்கு இறங்கும்போதும் கடிகாரம் கிடக்கும் நிலை மாறும்போதும் அதன் ஆட்டம் மாறும்.

ஆகவே அதைக் கைப்பேசி நேரத்தோடு பொருத்தி, நான்கு நாள் அணிந்து பாருங்கள். 48 வினாடி முந்தியிருந்தால் இப்படி எழுதலாம்: "ஆட்டோமேட்டிக், அணிந்தபோது நாளொன்றுக்குச் சராசரியாக 12 வினாடி முந்துகிறது, தோல் பட்டை, துளையருகே வெடிப்பு உண்டு, மூடியில் 50 மீட்டர் என்றுள்ளது, அண்மையில் சோதிக்கப்படவில்லை."

அந்த 50 மீட்டரை நீந்தக்கூடிய ஆழம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது புதிதாக இருந்தபோது தாங்கிய நிலையான நீரழுத்தத்தின் அளவு, உள்ளிருக்கும் ரப்பர் வளையம் காய்ந்துவிட்டால் கைகழுவும் நீர்கூட உள்ளே புகும்.