சிசி போட்டுக் குற்றம் சாட்டிய மின்னஞ்சலுக்கு எப்போது பதில் எழுதுவது?

கேள்வி: கோட்டையில் ஒரு சரக்கு நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு கொள்கலன் துறைமுகத்தில் தேங்கி டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டி வந்தது. கிளியரிங் பிரிவில் உள்ளவர், “பலமுறை சொல்லியும் ஆவணங்கள் நேரத்துக்கு வரவில்லை” என்று எனக்கு எழுதி, மனேஜர் உட்பட ஐந்து பேருக்கு சிசி போட்டிருக்கிறார். நான் செவ்வாய்க்கிழமையே எல்லாம் அனுப்பிவிட்டேன். இன்வொய்ஸில் ஒரு சின்னத் திருத்தம் மட்டும்தான் வியாழன் போனது. காரசாரமாகப் பதில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இன்றைக்கு வேண்டாம். முதலில் அந்தப் பதிலில் To, சிசி இரண்டிலும் உள்ள முகவரிகளை அழித்துவிடுங்கள். கை தவறினாலும் போகாது. அனுப்பிய பிறகு திரும்பப் பெறலாம் என்று நம்பாதீர்கள். ஜிமெயிலில் Undo Send அதிகபட்சம் 30 விநாடிதான், அதையும் Settings-இல் போய் நீங்களே கூட்டி வைக்க வேண்டும். அவுட்லுக்கின் Recall உங்கள் நிறுவனத்துக்கு வெளியே போன மின்னஞ்சலை மீட்காது. உள்ளே போனதையும் அதற்குள் யாராவது வாசித்திருக்கலாம்.

அடுத்து, கோபம் ஆற வேண்டும். நேரம் போனால் தானாக ஆறிவிடும் என்பது பாதிதான் உண்மை. தேநீர் வேளையில் பக்கத்து மேசைக்காரிக்கு அந்த மின்னஞ்சலை வாசித்துக் காட்டினால், ஆறத் தொடங்கியது மறுபடி கொதிக்கும். கோபத்தைக் கொட்டித் தீர்த்தால் குறையும் என்ற எண்ணத்தை உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் சோதித்தார். தம்மைக் கோபப்படுத்தியவரை நினைத்தபடி குத்துச்சண்டைப் பையை அடித்தவர்களுக்குக் கோபம் கூடியதே தவிர, குறையவில்லை. அதனால் உடம்பைத் தணிக்கிற வேலையைச் செய்யுங்கள். நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் இப்படிச் செய்துவிட்டு, இதோடு சம்பந்தமில்லாத ஒரு வேலையில் இறங்குங்கள். காலிமுகத்திடலில் நடக்கப் போவதென்றாலும் சரி, ஆனால் நடக்கும்போது மனதுக்குள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் பயனில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது கைபேசியில் அந்த மின்னஞ்சலைத் திறக்கவே வேண்டாம்.

ஆறிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அவர் பக்கத்து நியாயத்தை, அவரே “ஆமாம், அதைத்தான் சொன்னேன்” என்று ஒத்துக்கொள்ளும்படி ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். வரவில்லையென்றால் இன்னும் சூடு இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே அந்த வாக்கியம் ஒளிந்திருக்கிறது: “ஒரு சின்னத் திருத்தம் மட்டும்தான் வியாழன் போனது.” பெறுமதியிலோ சரக்கு விபரத்திலோ திருத்தம் என்றால் உங்களுக்குத்தான் அது சின்னது. சரியான இன்வொய்ஸ் கையில் இல்லாமல் அவரால் சுங்கப் பத்திரத்தை முடிக்க முடியாது, ஆகவே அவர் கணக்கில் ஆவணங்கள் வந்தது வியாழன்தான். நீங்கள் எழுதி வைத்திருக்கும் பதிலில் இந்த வியாழன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், அந்தப் பதில் போன ஐந்தாவது நிமிடம் அவர் அந்தத் திருத்தத்தை இணைத்து எல்லாருக்கும் அனுப்புவார்.

“பலமுறை சொல்லியும்” என்பது சுடும்தான். ஆனால் இருவருக்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் அவசரமாக எழுதும்போது தொனி நினைத்ததைவிடக் கடுமையாக விழும். அதற்குப் பதில் சொல்லாமல் விடுங்கள்.

நாளை காலை Sent பெட்டியைத் திறந்து திகதிகளை எடுத்துக்கொண்டு, புதிதாக எழுதுங்கள். பழையதைத் திருத்த உட்கார்ந்தால் “எப்போதும் போல”, “வேண்டுமென்றே” போன்ற சொற்கள் எங்கேயாவது தங்கிவிடும். இவ்வளவு போதும்:

“ஆவணங்களைச் செவ்வாய் அனுப்பினேன். இன்வொய்ஸ் திருத்தம் வியாழன் அனுப்பினேன். இரண்டு மின்னஞ்சல்களும் இணைப்பில் உள்ளன. சுங்கப் பத்திரம் எந்தக் கட்டத்தில் நின்றது என்று சொன்னால், டெமரேஜ் எந்த நாளிலிருந்து ஏறியது என்று சேர்ந்து பார்க்கலாம்.”

இதை Reply All-இல் அனுப்புங்கள். குற்றச்சாட்டை ஐந்து பேர் வாசித்திருக்க, திகதிகள் அவருக்கு மட்டும் போவதில் அர்த்தமில்லை. ஒரு நாளுக்கு மேல் இழுக்கவும் வேண்டாம், மௌனத்தை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வார்கள். மனேஜர் இன்றே கேட்டால், “பதிவுகளைப் பார்த்து நாளை காலை 10 மணிக்குள் எழுதுகிறேன்” என்று ஒரு வரி போதும்.

சிசி போட்டதைப் பற்றிய உங்கள் மனத்தாங்கல் இந்த மின்னஞ்சலில் வரக் கூடாது. அதை இரண்டு நாள் கழித்து, அவருடைய மேசைக்குப் போய், வேறு யாரும் இல்லாத நேரத்தில் சொல்லுங்கள்: “அடுத்த முறை ஏதாவது பிந்தினால் முதலில் எனக்கு ஒரு கோல் எடுங்கோ.”