வந்துவிட்ட வார்த்தை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவை நடத்துகிறேன். சென்ற வாரம் ஓர் அறிக்கையை முடித்துக் கொடுக்க வேண்டிய கெடு. புதன்கிழமை மாலை ஓர் அட்டவணையில் பழைய எண்கள் இருப்பதைப் பார்த்தேன். அதைத் தயாரித்த சக ஊழியரிடம், "இதைக்கூடச் சரிபார்க்கத் தெரியாதா? உங்களை நம்பி இனி எதையும் கொடுக்க முடியாது" என்று கத்தினேன். நான்கு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் அட்டவணையைத் திருத்திக் கொடுத்தார். அவருக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்:

"சென்ற வாரம் எல்லோருக்குமே கடுமையான வாரம். இரண்டு நாள் சரியான தூக்கம் இல்லை. அந்த டென்ஷனில் ஏதோ வார்த்தை வந்துவிட்டது. உங்கள் மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்கவும். எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்."

இதை மின்னஞ்சலில் அனுப்பலாமா, நேரில் சொல்வது நல்லதா? ஒரு சின்னப் பரிசோடு கொடுக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பரிசு வேண்டாம். வாங்கிக்கொண்டால் மன்னித்தாயிற்று என்று ஆகும், மறுத்தால் அவர்தான் முறுக்கிக்கொண்டு நிற்பவர் என்று ஆகும். ஏற்கனவே ஒரு முறை நால்வர் முன்னால் அவரை ஒரு மூலையில் நிறுத்தியிருக்கிறீர்கள். இரண்டாவது மூலை வேண்டாம்.

உங்கள் குறிப்பைப் பலமுறை படித்தேன். சில நாட்களாகவே இந்த மாதிரி வாக்கியங்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் உடனே எழுதுகிறேன். உங்கள் குறிப்பில் ஐந்து வாக்கியங்கள் இருக்கின்றன. அவற்றின் வினைகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒன்றாவது 'ஏன்' என்று முடிகிறதா? கத்தினேன், சொன்னேன், செய்தேன் என்று எதுவும் இல்லை. தமிழில் யார் செய்தார் என்பதை வினையின் கடைசி எழுத்துகளே சொல்லிவிடும், 'நான்' என்று தனியாக எழுதவேண்டியதுகூட இல்லை. அவ்வளவு வசதியான மொழியில், ஐந்து வாக்கியம் எழுதி, ஒன்றில்கூட நீங்கள் இல்லை. வாரம் கடுமையாக இருந்தது, தூக்கம் இல்லாமல் போனது, வார்த்தை வந்தது, மனம் புண்பட்டது. எல்லாம் தானாக நடந்திருக்கின்றன.

எனக்கு எழுதிய கடிதத்தில் நீங்கள் 'கத்தினேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். முகம் தெரியாத என்னிடம் சொல்ல முடிந்த அந்த ஒரு சொல்லை, கேட்கவேண்டிய மனிதரிடம் மட்டும் ஏன் சொல்ல முடியவில்லை? இதை நீங்கள் திட்டமிட்டுச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கை அப்படித்தான் எழுதும். குற்றம் செய்தவரின் கை முதலில் தேடுவது தான் எழுவாயாக இல்லாத வாக்கியத்தைத்தான்.

'விட்டது' என்ற அந்தத் துணைவினையைக் கவனியுங்கள். 'சாப்பிட்டுவிட்டேன்' என்றால் வேலை முடிந்தது என்று பொருள். 'கண்ணாடி உடைந்துவிட்டது' என்றால் கைமீறி நடந்தது என்று பொருள். மன்னிப்புக் கேட்கும் இடத்தில் இரண்டாவது பொருள்தான் காதில் விழும். 'வார்த்தை வந்துவிட்டது' என்று படிப்பவர், 'இவர் என்னைத் திட்டினார்' என்ற நிகழ்ச்சி 'இவர் வாயில் ஒரு விபத்து' என்று மாறியிருப்பதைத்தான் பார்ப்பார். 'கத்திவிட்டேன்' என்பதுகூடப் பாதி ஒளிந்துகொள்வதுதான். 'கத்தினேன்' என்று எழுதுங்கள். எழுதும்போது கை கூசும். கூசட்டும்.

அடுத்தது 'புண்பட்டிருந்தால்'. இந்த 'ஆல்' விகுதி என்னைக் கோபப்படுத்துகிறது, மறைக்க விரும்பவில்லை. நால்வர் முன்னால் ஒருவரிடம் உங்களை நம்ப முடியாது என்று சொன்ன பிறகு, புண்பட்டதா இல்லையா என்பதில் உங்களுக்கு உண்மையிலேயே சந்தேகம் இருக்கிறதா? அந்த விகுதி, புண்பட்டதை நிரூபிக்கும் வேலையை அவர் தலையில் வைக்கிறது. அதோடு, புண்பட்டது அவர் மனதின் மென்மையால்தான் என்ற ஒரு வாசலையும் திறந்து வைக்கிறது. 'புண்படுத்தினேன்' என்று பிறவினையில் எழுதிப் பாருங்கள், அந்த வாசல் மூடிக்கொள்ளும்.

எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1971இல் இதை எழுதினார். மன்னிப்புக் கேட்கும்போது ஒரு மனிதர் தன்னை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார். ஒருவர் தவறு செய்தவர், இன்னொருவர் அது தவறு என்று சொல்லி, பாதிக்கப்பட்டவரின் பக்கம் வந்து நிற்பவர். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது. ஆனால் அப்படிப் பிரிய வேண்டுமென்றால் முதலாமவர் வாக்கியத்தில் இருந்தாக வேண்டுமே. இல்லாத ஒருவரை எப்படிக் கண்டிப்பது?

2016இல் ராய் லெவிக்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் மன்னிப்பை ஆறு பகுதிகளாகப் பிரித்து, எது எவ்வளவு எடுபடுகிறது என்று சோதித்தார்கள். முதலிடத்தில் வந்தது பொறுப்பை ஏற்பது. அதற்கு அடுத்தது, கெடுத்ததைச் சரிசெய்ய முன்வருவது. கடைசியில் நின்றது, மன்னித்துவிடுங்கள் என்று கேட்பது. உங்கள் குறிப்பில் கடைசியாக நின்றது இருக்கிறது, முதல் இரண்டும் இல்லை.

எனக்கு இதெல்லாம் ஆய்வைப் படித்துத் தெரிந்ததில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் வேலை செய்தேன். இதழ் அச்சுக்குப் போகும் வாரம். ஒரு கட்டுரையின் பழைய வடிவம் பக்கத்தில் ஏறியிருந்தது. பக்க வடிவமைப்பாளரிடம், அறையில் எல்லோரும் இருக்கும்போது, "கொடுத்ததைப் படிக்கவே மாட்டீர்களா?" என்று குரலை உயர்த்தினேன். இரவு வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பழைய கோப்பை அனுப்பியதே நான்தான். மறுநாள் ஒரு பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். என் தலைவலி, ஆசிரியரின் நெருக்கடி, அச்சகத்தின் அவசரம் எல்லாம் அதில் இருந்தன. கோப்பை அனுப்பியது நான் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. 'கோப்பு மாறிவிட்டது' என்று எழுதியிருந்தேன்.

அவர் படித்துவிட்டு, "பரவாயில்லை சார்" என்றார். நான் அதை நம்பினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் அச்செடுத்து என் மேசைக்குக் கொண்டு வந்து கையெழுத்து வாங்கினார். ஒரு கமாவை மாற்றினாலும் கேட்டார். முன்பெல்லாம், "இந்தத் தலைப்பு நன்றாக இல்லை, மாற்றட்டுமா?" என்று அவரே சொல்வார். அது நின்றுபோனது. நான் சொன்னதை மட்டும் செய்தார், தவறே இல்லாமல் செய்தார். மாதங்கள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அது வேலையில் வந்த கவனம் இல்லை, அவர் என்னிடமிருந்து தன்னைப் பாதுகாத்துக்கொண்டிருந்தார். மன்னிப்பு போய்ச் சேர்ந்ததா என்று முகத்தில் தேடாதீர்கள், அதற்குப் பிறகு வரும் வேலையில் பாருங்கள். எல்லாவற்றுக்கும் எழுத்தில் ஒப்புதல் கேட்கிறாரா, அவசியமில்லாத பேரையெல்லாம் நகலில் சேர்க்கிறாரா, மாற்றுக் கருத்து சொல்வதை நிறுத்திக்கொண்டாரா? அப்படியென்றால் உங்கள் கடிதம் அவரிடம் போய்ச் சேரவில்லை.

ஒரு நாள் அதே அறையில், அதே ஆட்கள் இருக்கும்போது சொன்னேன்: "அன்று பழைய கோப்பை அனுப்பியது நான். திட்டு வாங்கியது இவர்." வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையெழுத்து வாங்குவது அதற்குப் பிறகும் சில வாரம் தொடர்ந்தது, அப்புறம் மெல்ல நின்றது. தலைப்பை மாற்றட்டுமா என்று அவர் மறுபடி கேட்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்னவை இரண்டு வாக்கியங்கள், இரண்டும் ஒன்றில்லை. முதலாவது ஒரு அட்டவணையைப் பற்றியது, முரட்டுத்தனமாகச் சொன்னது. இரண்டாவது ஒரு மனிதரைப் பற்றியது. அதிலும் 'இனி', 'எதையும்' என்ற இரண்டு சொற்கள் இருக்கின்றன. அவர் இரவில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கப்போவது அந்த இரண்டைத்தான். ஆகவே அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, அதைத் திரும்பப் பெறுங்கள். மறுபடி எழுதினால் வலிக்காதா என்று யோசிப்பீர்கள். 'ஏதோ வார்த்தை' என்று எழுதுவதுதான் அதிகம் வலிக்கும். அவருக்கு மனப்பாடமாகிவிட்ட ஒன்று உங்களுக்கு நினைவே இல்லை என்று ஆகிறது. (சொன்னது வசைச்சொல் என்றால் மட்டும் அதைத் திரும்ப எழுத வேண்டாம், என்ன செய்தேன் என்று சொன்னால் போதும்.)

அட்டவணையில் தவறு இருந்தது உண்மை. அதை வேறொரு நாளில், வேலையாகப் பேசுங்கள். இந்தக் குறிப்பில் அது ஒரு வரி வந்தாலும், 'ஆனால்' என்ற சொல் இல்லாமலே 'ஆனால்' என்றுதான் படிக்கப்படும். தூக்கமின்மையும் அப்படியே. அந்த வாரம் அவரும்தான் தூங்கவில்லை.

இப்படி எழுதுவேன்:

"புதன்கிழமை மாலை நால்வர் முன்னால் உங்களிடம் கத்தினேன். உங்களை நம்பி இனி எதையும் கொடுக்க முடியாது என்று சொன்னேன். அது உண்மையில்லை, அதைச் சொன்னது என் தவறு. ஒரு அட்டவணையைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் உங்களைப் பற்றிப் பேசி, உங்களைப் புண்படுத்தினேன். வருந்துகிறேன். அன்று கேட்டுக்கொண்டிருந்த நால்வரிடமும் இதைச் சொல்ல விரும்புகிறேன், வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் சொல்லமாட்டேன். மற்றபடி இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை."

'மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்' என்பதை எடுத்துவிட்டேன். எதை மனதில் வைத்துக்கொள்வது என்பது அவருடைய உரிமை. நால்வரிடம் சொல்வதை அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்வதும் காரணமாகத்தான். சிலருக்கு அந்தக் காட்சி மறுபடி எழுவதே கூச்சம். அவர் சம்மதித்தால் அரை நிமிடத்தில் சொல்லி முடியுங்கள், அவரை எழுந்து நிற்கவைக்காதீர்கள்.

மின்னஞ்சலா நேரிலா என்று கேட்டிருந்தீர்கள். எழுத்தில், அவருக்கு மட்டும், நகல் யாருக்கும் இல்லாமல். நேரில் சொன்னால் அவர் அந்த நொடியிலேயே ஒரு பதிலை முகத்தில் காட்டியாக வேண்டும். நீங்கள் குழுவை நடத்துபவர், அவர் 'பரவாயில்லை' என்றுதான் சொல்வார், அதற்கு மதிப்பில்லை. சில நாட்கள் தாமதமாகிவிட்டதே என்று பதற வேண்டாம். பாதிக்கப்பட்டவர் தன் மனதில் இருப்பதைச் சொல்லி, அது புரிந்துகொள்ளப்பட்டது என்று உணர்ந்த பிறகு வரும் மன்னிப்பே அவசர மன்னிப்பைவிட நன்றாக எடுபடுகிறது என்று சிந்தியா ஃப்ராண்ட்ஸும் கோர்ட்னி பெனிக்ஸனும் 2005இல் காட்டினார்கள். ஒருவேளை அவர் பேச வந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள், விளக்கம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், அடுத்த அறிக்கையின் அட்டவணைகளை அவரிடமே கொடுங்கள். மற்றவர்கள் வேலைக்கு என்ன சரிபார்ப்பு உண்டோ அதே சரிபார்ப்பு, அதற்கு மேல் ஒருமுறைகூட அந்தக் கோப்பைத் திறக்காதீர்கள்.

அன்புடன்.