கொத்தனாரின் கூலி பாக்கி: காண்ட்ராக்டருக்குக் கணக்கோடு எழுதும் கடிதம் (கேள்வி பதில்)

கடலூரில் கட்டடத் தொழிலாளர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கோரிக்கைக் கடிதங்களும் மனுக்களும் எழுதித் தரும் ஒருவர், வந்த கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி (கொத்தனாரின் மகள், நெல்லிக்குப்பம்): என் அப்பா திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டு வேலைக்கு ஆறு வாரம் போனார். நாள் கூலி 950 ரூபாய் என்று வாயால் பேசியதுதான். சனிக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு, இப்போது காண்ட்ராக்டர் போனையே எடுப்பதில்லை. பாக்கியைக் கேட்டு எழுத வேண்டும். கடிதத்தில் என்ன எழுதுவது?

பதில்: முதலில் கணக்கு, பிறகுதான் கடிதம். மொத்தத்தில் இத்தனை நாள் வேலை செய்தேன் என்று ஒரே எண்ணாக எழுதினால், "இல்லை" என்ற ஒரே சொல்லில் அவர் அதைத் தள்ளிவிடலாம். வாரவாரியாக எழுதினால், எந்த வாரத்தில் எந்த நாள் தவறு என்பதை அவர் சுட்டிக்காட்டியாக வேண்டும். உங்கள் அப்பாவின் சின்ன நோட்டையும் அவருடைய போனில் உள்ள பணப் பரிமாற்றத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழு நாள், அரை நாள், வராத நாள் மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். வராத நாளை மறைக்காமல் எழுதுவது மிகவும் முக்கியம். அதை நீங்களே ஒப்புக்கொண்டு எழுதினால் மற்ற நாள்கள் மீது படிப்பவருக்கு நம்பிக்கை வரும்.

நீங்கள் அனுப்பிய குறிப்பின்படி வேலை 02.02.2026 திங்கள் தொடங்கி 14.03.2026 சனிக்கிழமை முடிந்திருக்கிறது. ஞாயிறு நீங்கலாக 36 நாள். அதில் பிப்ரவரி 18-உம் மார்ச் 5-உம் அவர் போகவில்லை. பிப்ரவரி 7, பிப்ரவரி 20, மார்ச் 10 ஆகிய மூன்றும் அரை நாள். மீதி 31 முழு நாள். ஆக 32½ நாள். 950 வீதம் 30,875 ரூபாய். கடிதம் இப்படி அமையட்டும்:

"அய்யா, திருப்பாதிரிப்புலியூரில் தாங்கள் எடுத்துச் செய்த வீட்டு வேலையில் 02.02.2026 முதல் 14.03.2026 வரை நான் கொத்தனாராக வேலை செய்தேன். நாள் ஒன்றுக்கு ரூ. 950 என்று தாங்கள் வேலை தொடங்கும்போது நேரில் பேசி ஒப்புக்கொண்டீர்கள். நான் செய்த வேலை நாள்கள்: முதல் வாரம் 5½, இரண்டாம் வாரம் 6, மூன்றாம் வாரம் 4½, நான்காம் வாரம் 6, ஐந்தாம் வாரம் 5, ஆறாம் வாரம் 5½, ஆக மொத்தம் 32½ நாள், கூலி ரூ. 30,875. இதில் நான் பெற்றுக்கொண்டது: முதல் வாரம் ரூ. 5,000, இரண்டாம் வாரம் ரூ. 4,000 (இவ்விரண்டும் போன் வழியாக), மூன்றாம் வாரம் ரூ. 3,000, நான்காம் வாரம் ரூ. 4,000, ஐந்தாம் வாரம் ரூ. 2,000 (இம்மூன்றும் கையில்); ஆக மொத்தம் ரூ. 18,000. ஆறாம் வாரத்தில் எதுவும் பெறவில்லை. எனக்கு வர வேண்டிய பாக்கி ரூ. 12,875. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் இத்தொகையை என் வங்கிக் கணக்கில் செலுத்தக் கோருகிறேன். கணக்கில் வேறுபாடு இருப்பதாகத் தாங்கள் கருதினால், எந்தத் தேதி, எந்தத் தொகை என்று குறிப்பிட்டு எழுத்தில் தெரிவிக்கவும்."

கடைசி வாக்கியத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். கூலியின் பாதி கதை அதில்தான் முடிவாகிறது. திட்டோ, குடும்பக் கஷ்டமோ, பழைய பகையோ கடிதத்தில் வேண்டாம். நாளைக்கு அதிகாரி கையில் இதே தாள்தான் இருக்கும். அப்பாவைக் கையெழுத்திடச் செய்து, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதையும் சேர்ப்பித்த சான்றையும் பத்திரப்படுத்துங்கள். அதே தாளின் படத்தை அவருடைய வாட்ஸ்அப்புக்கும் அனுப்புங்கள்.

கேள்வி (மேஸ்திரி, பண்ருட்டி): வெள்ளைத் தாளில் எழுதினால் செல்லாது, ஸ்டாம்ப் பேப்பரில்தான் எழுத வேண்டும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுவதும் உண்டு. நீங்கள் சொல்லவில்லையே?

பதில்: கோரிக்கைக் கடிதத்துக்கு எந்த முத்திரைத் தாளும் தேவையில்லை, கோடு போட்ட நோட்டுத் தாளே போதும். ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு பாதி சரி. பணத்தைப் பெற்றுக்கொண்டு ரசீது எழுதிக் கொடுக்கும்போது, தொகை 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் அதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுவது முறை. அது பாக்கி வந்த பிறகு வரும் வேலை. கேட்கும் கடிதத்தில் அதை ஒட்டுவதால் கூடுதல் பலம் எதுவும் கிடைக்காது.

கேள்வி (மீண்டும் அதே மகள்): கடிதம் போய்ச் சேர்ந்து அவர் பதில் போட்டுவிட்டார். மொத்தம் 29 நாள்தானாம். பிப்ரவரி 28 சனிக்கிழமை 4,000 அல்ல, 6,000 கொடுத்தாராம். அதனால் 20,000 கொடுத்தாகிவிட்டது, 7,550 தான் பாக்கி, வந்து வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். அப்பா மனசு விட்டுவிட்டார்.

பதில்: உங்கள் அப்பா மனசு விட வேண்டியதில்லை. இந்தப் பதில் அவருக்கு எதிரானது மாதிரி தோன்றினாலும், உண்மையில் அவருக்குக் கிடைத்த பெரிய ஆதாரம் இதுதான். வேலை செய்தார் என்பதையும், கூலி 950 என்பதையும், 7,550 பாக்கி என்பதையும் காண்ட்ராக்டரே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். 29 நாளுக்கு 27,550. அதில் 20,000 போக 7,550 என்று அவர் கணக்கும் சரியாகவே வருகிறது. வாயால் பேசிய கூலியை எப்படி நிரூபிப்பது என்ற கவலை இதோடு தீர்ந்தது.

மிச்சம் இருக்கும் சண்டை 5,325 ரூபாய்க்கு மட்டுந்தான்: மூன்றரை நாளின் கூலி 3,325, பிப்ரவரி 28-இல் கூடுதலாகக் கொடுத்ததாகச் சொல்லும் 2,000. இரண்டையும் தனித்தனியே பாருங்கள். அந்த மூன்றரை நாள் எது என்று அவர் எழுதவில்லை. நீங்கள் போனில் சொன்னதை வைத்துப் பார்த்தால், மூன்று அரை நாள்களையும் அவர் விட்டுவிட்டு (அது ஒன்றரை), தளத்துக்கு அவரே வராத மார்ச் 12, 13 இரண்டையும் கழித்திருக்க வேண்டும். பிப்ரவரி 20-இல் சிமெண்ட் லோடு வராமல் மதியம் எல்லோரையும் அனுப்பியதைச் சித்தாள் சொல்வார். மார்ச் 12, 13-இல் பூச்சு வேலை நடந்த சுவரை அப்பா போனில் படம் எடுத்திருந்தால் அந்தப் படத்தை அழிக்காதீர்கள், வேறு போனுக்கு அனுப்பிப் பழையதை நீக்கவும் வேண்டாம். எடுத்த தேதி முதல் போனில் உள்ள படத்தோடுதான் இருக்கும். அந்த 2,000 கையில் கொடுத்ததா இல்லையா என்பதில் அப்பாவின் நோட்டும் அவருடைய பேச்சும்தான் எதிரெதிரே நிற்கும். ஆனால் ஊதியச் சட்டத் தொகுப்பு 2019-இன்படி, கூலி தரவில்லை என்று மனு வந்தால் கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு வேலை கொடுத்தவருடையது. கையெழுத்து வாங்காமல் கொடுத்தேன் என்று சொல்பவருக்கு அது எளிதல்ல.

7,550-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம், "முழுத் தீர்வாகப் பெற்றேன்" என்ற வாசகமும் வேண்டாம். ரசீதில் "பாக்கி ரூ. 12,875-இல் ஒரு பகுதியாக ரூ. 7,550 பெற்றேன், மீதி ரூ. 5,325 நிலுவையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு அவர் மறுத்தால், வங்கியில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (பூச்சு வேலைக்காரர், அரியாங்குப்பம்): எனக்கும் இதே கதைதான். 1,400 சதுர அடி பூச்சு, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடித்தேன். நான் எத்தனை நாள் வேலை செய்தேன் என்று நாளை எண்ணி எழுதிவிட்டால் போதுமா?

பதில்: போதாது, எழுதவும் கூடாது. உங்களுடையது அளவுக் கணக்கு. அங்கே நாள்களுக்கு வேலையில்லை. நீங்கள் எண்ணி எழுத வேண்டியது எந்தெந்த அறை, எந்தச் சுவர், எத்தனை அடி உயரம் என்ற அளவு. ஜன்னல், கதவுத் திறப்புகளைக் கழிப்பதா வேண்டாமா என்பதை முதலில் எப்படிப் பேசினீர்களோ அதையும் எழுதுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. நீங்கள் ஆள் வைத்து வேலை வாங்கியிருந்தால், அந்த ஆள்களின் கூலி உங்கள் பொறுப்பு என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் நாளை உங்களுக்கே இப்படியொரு கடிதம் எழுதலாம்.

கேள்வி (கொத்தனார், கடலூர் முதுநகர்): நான் குடியிருப்பது கடலூர். வேலை செய்தது புதுச்சேரியில். காண்ட்ராக்டர் கடிதத்தை வாங்கவேயில்லை, திரும்பி வந்துவிட்டது. அடுத்து எங்கே போவது?

பதில்: திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள், நீங்கள் கேட்டீர்கள், அவர் வாங்க மறுத்தார் என்பதற்கு அதுவே சாட்சி. வேலை நடந்த இடம் புதுச்சேரி என்பதால், புதுச்சேரி அரசின் தொழிலாளர் துறையில்தான் மனு கொடுக்க வேண்டும். கடலூரில் உள்ள தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தால், பல வாரம் கழித்து உங்களை அங்கே போகச் சொல்லி அனுப்புவார்கள். ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மனு செய்ய மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. இருந்தாலும் தள்ளிப் போடாதீர்கள். கூட வேலை செய்தவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், காண்ட்ராக்டரும் முகவரி மாறிவிடுவார். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் விண்ணப்பிக்கலாம்.

கேள்வி (வீட்டு உரிமையாளர், மஞ்சக்குப்பம்): என் வீட்டை ஒரு காண்ட்ராக்டரிடம் ஒட்டுமொத்தமாக விட்டேன். பெரும்பகுதிப் பணமும் கொடுத்தாகிவிட்டது. இப்போது கொத்தனார் எனக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறார். அவர் கூலிக்கு நான் பொறுப்பா?

பதில்: நிறுவனமாக இருந்தால் பதில் எளிது: காண்ட்ராக்டர் தராத கூலிக்கு வேலையின் உரிமையாளரான நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். தனக்காக ஒரு வீடு கட்டிக்கொள்ளும் தனி மனிதர் மீது அதை எந்த அளவுக்குச் சுமத்தலாம் என்பதில் எனக்குத் தெரிந்த வக்கீல்களே ஒருமித்துச் சொல்வதில்லை, ஆகவே நானும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நகல் உங்களைக் குற்றம் சாட்டுவதற்காக வந்ததல்ல. காண்ட்ராக்டருக்கு நீங்கள் இன்னும் கொடுக்க வேண்டிய கடைசித் தவணை உங்கள் கையில் இருக்கிறது என்பதால் வந்தது. அந்தத் தவணையைக் கொடுக்கும் முன், இந்தக் கொத்தனாரின் கணக்கை முடித்துவிட்டதற்கான ரசீதைக் கொண்டுவரச் சொல்லிக் காண்ட்ராக்டரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கொத்தனாருக்கு நீங்களே நேராகப் பணம் கொடுக்க விரும்பினால், காண்ட்ராக்டரின் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் கொடுக்க வேண்டாம். பிறகு அவர் முழுத் தவணையையும் உங்களிடம் கேட்பார்.